பாடக்குறிப்பு நான் கொடுத்த பக்கங்களுக்குள் நிற்க வேண்டும். சாட்பாட் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது

இலைநரம்பு

ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். அடுத்த வாரம் ஒளிச்சேர்க்கை பாடம் ஆரம்பிக்க வேண்டும். 40 நிமிடப் பாடவேளை இரண்டு கிடைக்கும். புத்தகத்தில் 61 முதல் 64 வரை நான்கு பக்கங்கள். அதோடு பாடத்திட்டத்தில் இந்தப் பாடத்துக்கான கற்றல் விளைவுகள் அச்சான ஒரு பக்கம். ஐந்தையும் சாட்பாட்டில் ஏற்றி, "இந்தப் பக்கங்களை மட்டும் வைத்து இரண்டு பாடவேளைக்குப் பாடக்குறிப்பு தயார் செய்" என்று கேட்டேன்.

வந்தது பார்க்க மிக நன்றாக இருந்தது. அறிமுகம், செயல்பாடு, கரும்பலகைச் சுருக்கம், மதிப்பீடு, வீட்டுப்பாடம் எல்லாம் வரிசையாக. இரவு புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் இடிக்கிறது. புத்தகத்தில் ஒளிச்சேர்க்கை சொல் சமன்பாடாக மட்டுமே இருக்கிறது. குறிப்பில் `6CO₂ + 6H₂O → C₆H₁₂O₆ + 6O₂` என்று சமன்செய்த சமன்பாடு வந்துவிட்டது. 1771-ல் பிரீஸ்ட்லி புதினாச் செடியை வைத்துச் செய்த சோதனை அறிமுகத்தில் இருக்கிறது. ஒளிவினை, இருள்வினை என்று இரண்டு வரி. கடைசியில் மதிப்பீட்டு வினாக்களில் ஒன்று அந்த இருள்வினையைப் பற்றியது!

இதில் எதுவும் தப்பான செய்தி இல்லை. ஆனால் என் பிள்ளைகளிடம் இருப்பது அந்த நான்கு பக்கங்கள்தான். "மட்டும்" என்று சொல்லியும் ஏன் வெளியே போகிறது? எப்படிக் கேட்டால் உள்ளேயே நிற்கும்?

---

குறுக்குவழி

டீச்சர், ஒரு முறை சொன்னால் போதாது. கடைசி வரியில் இன்னொரு முறை கண்டிப்பாகச் சொல்லுங்கள்: "பக்கங்களில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது." பழைய உரையாடலிலேயே கேட்காமல் புதிதாக ஒன்றைத் திறந்து கேளுங்கள். நான் நிரல் வழியாகப் பயன்படுத்துகிறேன். அதில் `temperature` என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை 0 ஆக வைத்தால் சொந்தக் கற்பனை போய்விடும், கொடுத்ததை மட்டும் சொல்லும்.

---

வினாத்தாள்

எனக்கும் இதே சிக்கல். ஆண்டு முழுவதுக்குமான பாடத்திட்டத்தை மாதவாரியாகப் பிரிக்கச் சொன்னால் தேர்வு வாரத்திலும் பாடம் போட்டு வைக்கிறது. விடுமுறை நாட்களின் பட்டியலைக் கொடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள், ஓரளவு சரியாக வருகிறது.

---

இலைநரம்பு

வினாத்தாள் சார், நான் கேட்பது ஆண்டுத் திட்டம் இல்லை. ஒரே பாடத்துக்கான பாடக்குறிப்பு. நாள் கணக்கு சரியாகத்தான் வருகிறது, உள்ளடக்கம்தான் வெளியே போகிறது.

குறுக்குவழி, புதிய உரையாடலில் இரண்டு முறை அழுத்திச் சொல்லிப் பார்த்தேன். இருள்வினை போய்விட்டது. சமன்பாடு போகவில்லை. பிரீஸ்ட்லிக்குப் பதிலாக இப்போது பச்சையும் வெள்ளையும் கலந்த இலையை வைத்து ஒரு சோதனை வந்திருக்கிறது. அதுவும் புத்தகத்தில் இல்லை.

---

சுண்ணக்கட்டி

இரண்டு ஆண்டுகளாக எங்கள் பாடக்குழுவில் இந்த வேலையைச் செய்து வருகிறேன். ஆரம்பத்தில் நாங்களும் "மட்டும்" என்ற சொல்லோடுதான் போராடினோம். எங்களுக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

குறுக்குவழி சொன்னதில் புதிய உரையாடல் என்பது சரி. முதல் வரைவில் வந்த வெளிச்சரக்கு அதே உரையாடலில் கிடந்தால் அடுத்த வரைவிலும் அது தலைகாட்டும். ஆனால் `temperature` வேறு விஷயம். அதைக் குறைத்தால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே பதில் வரும், அவ்வளவுதான். பக்கத்தில் இல்லாத சமன்பாட்டை எழுதுவதுதான் அதற்கு மிக இயல்பான அடுத்த சொல் என்றால், 0 வைத்தாலும் அதே சமன்பாட்டைத் தவறாமல் எழுதும்.

வெளியே போவதற்கு முக்கியக் காரணம் பாடக்குறிப்பின் வடிவம்தான் என்று நான் நினைக்கிறேன். அறிமுகம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் அறிமுகத்துக்கு எதுவும் இல்லை. காலிக் கட்டத்தை அது காலியாக விடாது, பொது அறிவிலிருந்து எடுத்து நிரப்பும். அதனால்தான் ஒன்றைத் தடுத்தால் அதே இடத்தில் வேறொன்று வருகிறது. பிரீஸ்ட்லி போய் இரு நிற இலை வந்தது இப்படித்தான்.

நாங்கள் செய்வது இதுதான். முதலில் பாடக்குறிப்பே கேட்பதில்லை. பக்கங்களில் என்ன இருக்கிறது என்று ஒரு சரக்குப் பட்டியல் மட்டும் கேட்கிறோம்.

```
இணைத்த பக்கங்களில் இருப்பதை மட்டும் எண்ணிட்டுப் பட்டியலிடு.
ஒவ்வொரு வரியிலும்: அச்சிட்ட பக்க எண், மூல வாக்கியம் அப்படியே.
படம், படத்தின் கீழுள்ள குறிப்பு, பெட்டிச் செய்தி, பயிற்சி வினா
ஒவ்வொன்றும் தனி வரி.
படிக்க முடியாத இடத்தில் "தெளிவில்லை" என்று எழுது, ஊகிக்காதே.
பாடக்குறிப்பு இப்போது வேண்டாம்.
```

அந்தப் பட்டியலைப் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிட வேண்டும். நான்கு பக்கத்துக்கு 20, 30 வரி வரும். கால் மணி நேர வேலை. இதைத் தாண்டிக் குதித்தால் மற்றதெல்லாம் வீண்.

பட்டியல் சரியான பிறகு, புதிய உரையாடலில் அதை மட்டும் ஒட்டிப் பாடக்குறிப்பு கேளுங்கள். இரண்டு நிபந்தனை போதும். குறிப்பின் ஒவ்வொரு வரியின் முடிவிலும் பட்டியல் எண் வர வேண்டும். எண் போட முடியாத எதுவும் குறிப்புக்குள் வரக் கூடாது, கீழே "வெளியே" என்ற தனிப் பெட்டிக்குப் போக வேண்டும். ஒரு கட்டத்துக்குச் சரக்கு இல்லை என்றால் "பக்கத்தில் இல்லை" என்று எழுதிவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலியாக விட அனுமதி கொடுத்தால்தான் அது காலியாக விடும்.

ஒன்று கேட்கிறேன். கூடுதலாக வந்ததைத்தான் நீங்கள் எல்லாம் சொன்னீர்கள். புத்தகத்தில் இருந்து குறிப்பில் வராமல் போனது எது என்று பார்த்தீர்களா? கூடுதல் கண்ணில் படும். விடுபட்டது படாது.

---

காலக்கோடு

வரலாறு எடுப்பவன் நான். சுண்ணக்கட்டி ஐயா சொன்ன பட்டியலைப் புத்தகத்தோடு ஒப்பிடும் வேலையை யாரும் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். என் புத்தகத்தில் பக்கத்துக்கு இரண்டு பத்தி, ஓரத்தில் ஒரு வண்ணப் பெட்டி. பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை எடுக்கும்போது இடப்பத்தியின் ஒரு வரி, வலப்பத்தியின் ஒரு வரி என்று கலந்து போயிருந்தது. ஓரப் பெட்டியில் வேறோர் அரசரைப் பற்றி இருந்த வாக்கியம் பாடத்தின் நடுவே நுழைந்து, அவர் வெட்டிய ஏரி இவர் கணக்கில் ஏறிவிட்டது. சாட்பாட் எதையும் புனையவில்லை. கொடுத்ததைத்தான் சொன்னது, ஆனால் அதன் கையில் கிடைத்த பக்கமும் என் கையில் இருந்த பக்கமும் ஒன்றல்ல.

இப்போது பத்தி பத்தியாக வெட்டிய படங்களாகக் கொடுக்கிறேன். பெட்டியைத் தனிப் படமாகக் கொடுத்து "இது பெட்டிச் செய்தி" என்று சொல்லிவிடுகிறேன்.

---

இலைநரம்பு

சுண்ணக்கட்டி சார், பட்டியல் எடுத்துப் பார்த்தேன். 26 வரி வந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். விடுபட்டது என்ன என்று நீங்கள் கேட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். அதைப் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

63-ஆம் பக்கத்தில் இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. புத்தகத்தில் வாக்கியம் இவ்வளவுதான்: "பின்னர் இலையை ஆல்கஹாலில் இட்டு, படத்தில் காட்டியுள்ளபடி சூடாக்கவும்." படத்தில் என்ன இருக்கிறது என்றால், ஆல்கஹால் சோதனைக்குழாயில் இருக்கிறது, அந்தக் குழாய் வெந்நீர் உள்ள முகவைக்குள் நிற்கிறது. தீ ஆல்கஹாலைத் தொடவே இல்லை. இந்தச் செய்தி எழுத்தில் எங்குமே கிடையாது, படத்தில் மட்டும்தான்.

எனக்கு வந்த முதல் பாடக்குறிப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். "குழுச் செயல்பாடு: மாணவர்கள் இலையை ஆல்கஹாலில் 5 நிமிடம் கொதிக்க வைப்பர்." ஐந்து குழு, ஐந்து அடுப்பு. வெந்நீர் முகவை இல்லவே இல்லை. எரியும் அடுப்பின் மேல் நேராக ஆல்கஹால். நான் அன்றைக்கு அந்த வரியைப் படித்துவிட்டு, புத்தகத்தில் உள்ள சோதனைதானே என்று தாண்டிப் போயிருக்கிறேன். சமன்பாட்டைப் பிடித்த என் கண்ணில் இது படவில்லை.

இப்போது எடுத்த பட்டியலிலும் 14-ஆம் வரி "படம்: சோதனை அமைப்பு" என்று மட்டும் இருந்தது. நான்தான் கையால் எழுதிச் சேர்த்தேன்: "சோதனைக்குழாயில் ஆல்கஹால், அது வெந்நீர் முகவைக்குள், நேரடித் தீ கூடாது."

---

சுண்ணக்கட்டி

நல்லவேளை, பார்த்தீர்கள். இதைத்தான் நான் பயந்தேன். அறிவியல் புத்தகங்களில் பாதிப் பாதுகாப்புச் செய்தி படத்தில்தான் இருக்கும்.

படத்தை அது பார்ப்பதில்லை என்று பொதுவாகச் சொல்ல முடியாது. பிடிஎஃப்பாக ஏற்றும்போது சில இடங்களில் எழுத்து மட்டும் உருவப்படுகிறது, படம் அப்படியே விழுந்துவிடுகிறது. அந்தப் படத்தை மட்டும் கைப்பேசியில் எடுத்துத் தனியாகக் கொடுத்து, "இதில் எது எதற்குள் இருக்கிறது, தீ எங்கே இருக்கிறது" என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஆனாலும் 14-ஆம் வரி உங்கள் கையெழுத்தில் இருப்பதே நல்லது.

சோதனைக்கு ஒரு வழி. தீயே வேண்டாம். ஆல்கஹால் சுமார் 78 டிகிரியில் கொதிக்கும். மின்கெண்டியில் கொதித்த தண்ணீரை முகவையில் ஊற்றி, அதற்குள் குழாயை வைத்தாலே போதும். மெல்லிய இலையாக எடுங்கள். எனக்குப் பச்சை வெளிற எட்டு, பத்து நிமிடம் ஆகும். தண்ணீர் ஆறினால் ஒரு முறை மாற்றுங்கள். இது பக்கத்தில் இல்லாதது, அதனால் "வெளியே" பெட்டியில் ஆசிரியர் குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். செடியை இருட்டில் வைப்பது பற்றிப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

---

இலைநரம்பு

"ஒரு தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டறையில் வைக்கவும்" என்று 12-ஆம் வரி. பிறகு இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி வெயிலில் வைக்க வேண்டும். முதல் பாடக்குறிப்பு இதையெல்லாம் சேர்த்து "செயல்பாடு: 15 நிமிடம்" என்று போட்டிருந்தது!

---

சுண்ணக்கட்டி

அதுவும் வழக்கமான கோளாறுதான். சொற்கள் பக்கத்தில் உள்ளவையே, ஆனால் கால அளவு வகுப்பறைக்குள் அடங்காது. வரி எண் போட்டாலும் இது பிடிபடாது. கையால்தான் கூட்டிப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை இருட்டில் வைத்தால் புதன் காலை வெயிலில் வைத்து, மதியப் பாடவேளையில் சோதிக்கலாம்.

---

எழுத்துரு

டீச்சர், ஒரு சந்தேகம். கற்றல் விளைவுகள் உள்ள ஐந்தாவது பக்கம் எந்த வடிவத்தில் இருக்கிறது? பழைய பிடிஎஃப்பா? அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒரு வெற்றுக் குறிப்பேட்டில் ஒட்டிப் பாருங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், ஒருங்குறி வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த கோப்புகள் இன்னும் நிறையப் புழக்கத்தில் இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறியுமாக வேறு ஏதோ.

---

இலைநரம்பு

ஒட்டிப் பார்த்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வருகிறது. அப்படியென்றால் கற்றல் விளைவுகளை அது எங்கிருந்து எழுதியது?

---

எழுத்துரு

அதுதான் விஷயம். பாடத் தலைப்பு தெரியும், வகுப்பு தெரியும். விளைவுகள் எப்படி இருக்கும் என்று ஊகித்து எழுதியிருக்கும். படிக்க முடியவில்லை என்று பெரும்பாலும் சொல்லாது. நீங்கள் வாக்கியத்தை அப்படியே கேட்டபோது அந்தப் பக்கத்துக்கு எத்தனை வரி வந்தது?

---

இலைநரம்பு

இப்போதுதான் கவனிக்கிறேன். 26 வரியும் 61 முதல் 64 வரை உள்ளவை. ஐந்தாவது பக்கத்துக்கு ஒரு வரிகூட இல்லை. முதல் பாடக்குறிப்பிலோ நான்கு விளைவுகள் அழகாக இருந்தன.

பக்கத்தைப் படம் எடுத்துத் திரும்பக் கொடுத்தேன். இப்போது வந்தது உண்மையான பக்கத்தோடு ஒத்துப்போகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாடத்திட்டத்தில்: "ஒளிச்சேர்க்கைக்குத் தேவையானவற்றைக் கூறுவர்." முதல் குறிப்பில்: "ஒளிச்சேர்க்கையைப் பாதிக்கும் காரணிகளைப் பகுப்பாய்வு செய்வர்." கூறுவதும் பகுப்பாய்வதும் ஒன்றா? மதிப்பீட்டு வினா ஏன் அவ்வளவு கடினமாக வந்தது என்று இப்போது புரிகிறது.

---

சுண்ணக்கட்டி

வினைச்சொல் ஏறிப் போவது பக்கம் தெளிவாக இருந்தாலும் நடக்கும். 1956-ல் வந்து 2001-ல் திருத்தப்பட்ட புளூமின் படிநிலையை ஒட்டி எழுதிய பாடக்குறிப்புகள் உலகம் முழுக்கக் கிடக்கின்றன. அவற்றைப் படித்துப் பழகியதால், "கூறுவர்" என்று கொடுத்தாலும் "பகுப்பாய்வர்", "மதிப்பிடுவர்" என்று ஏற்றிவிடுகிறது. விளைவு வரிகளை மட்டும் மாற்றாமல் அப்படியே ஒட்டச் சொல்லுங்கள். வினாக்களைச் சரிபார்க்கும்போது ஒவ்வொரு வினாவுக்கும் நேரே எந்த விளைவு, அதன் வினைச்சொல் என்ன என்று எழுதிப் பாருங்கள். "கூறுவர்" என்ற விளைவுக்கு "ஏன் என்று ஆராய்க" என்ற வினா நின்றால் அடித்துவிடலாம்.

---

குறுக்குவழி

சரி, `temperature` பற்றி நான் சொன்னது அரைகுறை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாக்கியத்தை அப்படியே கேட்டால், அதை அப்படியேதான் தந்ததா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? 26 வரியையும் கண்ணால் படிப்பதா? பிடிஎஃப்பில் தேடல் வசதி இருக்கிறதே, ஒவ்வொரு வரியையும் ஒட்டித் தேடினால் ஐந்து நிமிடம்.

---

எழுத்துரு

ஆங்கிலத்தில் அந்த வழி நன்றாக வேலை செய்யும். தமிழில் கொஞ்சம் ஏமாற்றும். 'கொ' என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறியீடாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. சில செயலிகளில் தேடினால் "இல்லை" என்று வரும். வரி உடைகிற இடத்தில் சொல் பிளந்திருந்தாலும் அப்படித்தான். ஆக, தேடி அகப்பட்டால் வாக்கியம் இருக்கிறது என்று நம்பலாம். அகப்படாவிட்டால் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒகர, ஓகார எழுத்து வராத ஒரு சின்னச் சொல்லைத் தேடி, அந்த இடத்துக்குப் போய்க் கண்ணால் பாருங்கள்.

---

பழைய பதிவேடு

எல்லாவற்றையும் படித்தேன். இருபது ஆண்டுகளாகக் கையால் பாடக்குறிப்பு எழுதுகிறவன். பட்டியல் எடுத்து, ஒப்பிட்டு, படத்தைக் கையால் சேர்த்து, நேரத்தைக் கூட்டி, வினைச்சொல்லைப் பார்த்து... இதற்குள் நான் இரண்டு பாடக்குறிப்பு எழுதிவிடுவேன். நான்கு பக்கத்தைத் தானே படித்து எழுதுகிற ஆசிரியரின் மனதில் பாடம் தங்கும். இயந்திரம் எழுதியதைச் சரிபார்க்கிறவருக்கு அப்படித் தங்குமா?

---

இலைநரம்பு

ஐயா, நேரக் கணக்கில் நீங்கள் சொல்வது உண்மை. இந்த முதல் பாடத்துக்கு எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கையால் எழுதினால் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஆனால் அந்தப் பட்டியலை ஒப்பிட்ட கால் மணி நேரத்தில் 63-ஆம் பக்கத்தைப் படித்ததுபோல் நான் இதுவரை படித்ததில்லை. ஐந்து ஆண்டுகளாக அந்தச் சோதனையைச் செய்கிறேன். படத்தில் உள்ளது எழுத்தில் இல்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

இன்னொரு பிரச்சினை வந்திருக்கிறது. 21-ஆம் வரி, புத்தகத்தில் உள்ளபடி: "தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, இரவில் சுவாசிக்கின்றன." வந்த பாடக்குறிப்பில் அந்த இடத்தில், "தாவரங்கள் எப்போதும் சுவாசிக்கின்றன, ஒளி உள்ளபோது ஒளிச்சேர்க்கையும் செய்கின்றன" என்று இருக்கிறது. முடிவில் 21 என்று எண்ணும் போட்டிருக்கிறது! அறிவியல்படி குறிப்பில் இருப்பதுதான் சரி. ஆனால் நான் கேட்டது பக்கத்தில் உள்ளதை. இப்போது என்ன செய்வது?

---

சுண்ணக்கட்டி

எண் இருக்கிறது, பொருள் மாறியிருக்கிறது. இதுதான் கண்டுபிடிக்க மிகக் கடினமானது. எண்ணைப் பார்த்ததும் நம் கண் சரி என்று தாண்டிவிடும். அதனால் நான் கடைசியாக ஐந்தாறு எண்களை மட்டும் தேர்ந்து, குறிப்பின் வரியையும் பட்டியல் வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் படிப்பேன். வரையறை, எண்ணிக்கை, சோதனைப் படி, "எப்போதும்", "மட்டும்" போன்ற சொல் வரும் வாக்கியம், இவற்றைத் தவறாமல் எடுப்பேன்.

என்ன செய்வது என்பதற்கு என் பதில், சொல்லாமல் திருத்தியது தப்பு. திருத்தம் சரியாக இருந்தாலும் தப்பு. புத்தக வாக்கியம் குறிப்பில் அப்படியே நிற்க வேண்டும், பக்கத்தில் "ஆசிரியர் கவனத்துக்கு" என்று உங்கள் விளக்கம் வர வேண்டும். வகுப்பில் எதைச் சொல்வது என்று தீர்மானிப்பது நீங்கள், அது அல்ல.

---

பழைய பதிவேடு

இதில் நான் ஒத்துப்போக மாட்டேன். தவறாகப் புரிந்துகொள்ள வைக்கும் வாக்கியம் என்று தெரிந்த பிறகு அதைக் கரும்பலகையில் எழுதுவது எப்படி? பகலில் செடி சுவாசிக்காது என்று ஒரு பிள்ளை மனதில் பதிந்தால், மேல் வகுப்பில் அதைக் களைய எவ்வளவு பாடுபட வேண்டும் தெரியுமா? நான் கையால் எழுதும்போது அந்த வரியைத் திருத்தித்தான் எழுதுவேன்.

---

காலக்கோடு

தேர்வில் அதே வாக்கியம் "சரியா தவறா" என்று வந்தால்? பிள்ளை உங்கள் திருத்தத்தை எழுதி மதிப்பெண் இழந்தால் யார் பதில் சொல்வது? எங்கள் பாடத்தில் ஓர் ஆண்டைப் பற்றி இரண்டு புத்தகம் இரண்டு விதமாகச் சொல்லும். நான் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டு, மற்றதை வாய்மொழியாகச் சொல்வேன்.

---

பழைய பதிவேடு

ஆண்டு மாறுவதும் அறிவியல் மாறுவதும் ஒன்றல்ல. இதில் நான் மனம் மாறப் போவதில்லை.

---

இலைநரம்பு

இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. இப்போதைக்கு வாக்கியத்தைப் புத்தகத்தில் உள்ளபடி குறிப்பில் வைத்திருக்கிறேன். வகுப்பில் "இரவில் சுவாசிக்கின்றன, பகலிலும் சுவாசிக்கின்றன" என்று சேர்த்துச் சொல்லப் போகிறேன். பாடநூலைத் தயாரித்தவர்களுக்கு ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன்.

முதல் பாடவேளைக் குறிப்பின் ஒரு பகுதி, கேட்டவர்களுக்காக:

அறிமுகம்: பக்கத்தில் இல்லை. (கேள்வி நானே கேட்டுக்கொள்கிறேன்.)
தேவையானவை நான்கு: ஒளி, நீர், கார்பன் டைஆக்சைடு, பச்சையம். 10 நிமிடம். [3, 4, 6]
சொல் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுதல். 8 நிமிடம். [7]
இலைத்துளை படம் பார்த்துப் பெயரிடுதல். 10 நிமிடம். [9, 10]
இருட்டில் வைத்த செடியைக் காட்டி, அடுத்த வகுப்பில் என்ன பார்க்கப் போகிறோம் என்று கூறுதல். 5 நிமிடம். [12]

மீதி 7 நிமிடம் பிள்ளைகள் கேட்க. "வெளியே" பெட்டியில் சமன்செய்த சமன்பாடு, பிரீஸ்ட்லி, இரு நிற இலை, மின்கெண்டி.

---

இலைநரம்பு

இரண்டு பாடவேளையும் முடிந்தது. சோதனையை நானே மேசையில் செய்து காட்டினேன், குழுவாகக் கொடுக்கவில்லை. தண்ணீரை ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் இலை வெளிறிவிட்டது. அயோடின் விட்டதும் கறுப்புத் தாள் மூடிய இடம் பழுப்பு மஞ்சளாகவே நிற்க, சுற்றிலும் கருநீலம் பரவியதைப் பார்த்து முன்வரிசை முழுக்க எழுந்துவிட்டது.

ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், செடியில இலை எல்லாம் சிவப்பா இருந்தா அது சாப்பாடு தயாரிக்காதா?" நான்கு பக்கத்தில் இதற்கு விடை இல்லை. "வெளியே" பெட்டியில் இரு நிற இலை இருந்ததால், இலை நிறத்தைப் பற்றி முந்தைய நாள் இரவு படித்து வைத்திருந்தேன். சிவப்பு மேலே தெரிகிறது, அதற்குக் கீழே பச்சையமும் இருக்கிறது என்று சொன்னேன். அடுத்த வாரம் அவளே ஒரு சிவப்பு இலை கொண்டு வருகிறாள், அதே சோதனையைச் செய்யப் போகிறோம்.

---

குறுக்குவழி

அந்த 26 வரிப் பட்டியலைப் பகிர முடியுமா டீச்சர்? அதே புத்தகம்தான் எங்களுக்கும்.

---

சுண்ணக்கட்டி

பகிருங்கள், ஆனால் குறுக்குவழி, உங்கள் கையில் இருப்பது எந்த ஆண்டுப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். எங்கள் குழுவில் ஒருவர் பழைய பதிப்பின் பட்டியலை வைத்துக் குறிப்பு எடுத்தார். பக்க எண் இரண்டு தள்ளிப் போயிருந்தது, ஒரு பயிற்சியே மாறியிருந்தது.

---

குறுக்குவழி

பார்த்தேன். எனக்கு அந்தச் சோதனை 65-ஆம் பக்கத்தில் இருக்கிறது. படம் அதேதான், ஆனால் கீழே ஒரு வரி கூடுதலாக அச்சாகியிருக்கிறது: "ஆல்கஹாலை நேரடியாகச் சூடாக்கக் கூடாது." பட்டியலை நானே புதிதாக எடுக்கிறேன்.